எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு எந்தப் புத்தகம்?

வணக்கம். நாங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம், பர்கூர் பக்கம். மகனுக்கு ஏழு வயது. அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு, தமிழ் வழி. எழுத்தெல்லாம் தெரியும், ஆனால் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் படிக்கிறான். வரி முடிவதற்குள் ஆரம்பம் மறந்துபோகிறது. பக்கம் நிறைய எழுத்து இருந்தால் மூடி வைத்துவிட்டு ஓடிவிடுவான். தருமபுரி புத்தகத் திருவிழாவில் இவன் அப்பா ஐந்து கதைப் புத்தகம் வாங்கிவந்தார், ஒவ்வொன்றும் நூறு பக்கம். ஒன்றையும் இவன் தொடவில்லை. வீட்டில் தெலுங்குதான் பேசுவோம். லாரி, ஜேசிபி என்றால் இவனுக்கு உயிர். எந்த மாதிரிப் புத்தகம் வாங்கலாம்? அடித்துப் பெரிய புத்தகத்தையே படிக்க வைத்தால் பழகிவிடும் என்கிறார் மாமனார்.

அன்புள்ள அம்மாவுக்கு,

மாமனார் சொல்லும் வழி பலிக்காது. காரணத்தை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். அந்தக் கணக்கு பிடிபட்டால், கடையில் எந்தப் புத்தகத்தை எடுக்க வேண்டும் என்பதும் தானாகவே தெரிந்துவிடும்.

கதைப் புத்தகங்களில் வழக்கமாக வரும் வரி ஒன்று இப்படி இருக்கும்: "காட்டிற்குச் சென்றுகொண்டிருந்த அரசனுக்கு மரத்தடியில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருப்பது தெரிந்தது." இதில் எட்டுச் சொற்கள். இன்னொன்று: "மழை வந்தது. ஆடு ஓடியது. கோழி ஓடியது. நான் ஓடவில்லை." இதிலும் எட்டுச் சொற்கள்தான். ஆனால் எழுத்தை எண்ணிப் பாருங்கள். முதலாவதில் 49, இரண்டாவதில் 25. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை நொடிக்கு ஓர் எழுத்து என்று போகிறான் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரியை முடிக்க அவனுக்கு முக்கால் நிமிடத்துக்கு மேல் ஆகும். தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும், ஆகவே "தெரிந்தது" என்ற சொல்லை எட்டும்வரை அரசன், காடு, மரத்தடி, குழந்தை அத்தனையையும் மனதில் சுமக்க வேண்டும். அங்கேதான் ஆரம்பம் கழன்றுவிடுகிறது. இரண்டாவதில் ஆறு ஏழு நொடிக்கு ஒருமுறை முற்றுப்புள்ளி வருகிறது. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு காட்சி முடிந்துவிடுகிறது, சுமையை இறக்கி வைக்கலாம். போதாததற்கு "ஓடியது" இரண்டு முறை வருகிறது. முதல் தடவை கூட்டிப் படித்தவன் இரண்டாம் தடவை பார்த்ததுமே சொல்லிவிடுவான்.

ஆகவே அவன் வெறுப்பது நீளத்தை என்று நீங்கள் நினைப்பதில் பாதிதான் உண்மை. புத்தகம் எத்தனை பக்கம் என்பதைவிட, ஒரு சொல்லில் எத்தனை எழுத்து, ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே எத்தனை சொல் என்பதே அவனைத் தடுக்கிறது. "ஓடிக்கொண்டிருந்தது" என்பதைப் பேச்சில் யாரும் இப்படிச் சொல்வதில்லை. பத்து எழுத்தைக் கஷ்டப்பட்டுக் கூட்டி முடித்த பிறகும், "ஓ, இதுவா!" என்று அடையாளம் காண அவன் காதில் அந்தச் சொல் இருக்காது. வீட்டில் தமிழே பேசும் பிள்ளைக்கும் இந்தச் சிக்கல் உண்டு. தெலுங்கு பேசும் வீட்டில் அது இன்னொரு படி கூடுதல்.

புத்தகம் வாங்கும் முன்பு, அவன் எங்கே நிற்கிறான் என்று ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடுங்கள். ஒரு தாளில் பெரிதாகப் பன்னிரண்டு சொற்கள் எழுதுங்கள். முதல் ஆறு குறியில்லாத எளிய சொற்கள்: படம், மரம், வயல், நகம், பகல், கடல். அடுத்த ஆறு கொம்பும் காலும் கலந்தவை: கொடி, கோடி, கெடு, கேடு, சொல், சோறு. இரண்டு கூட்டத்தையும் தனித்தனியாகப் படிக்கச் சொல்லிக் கவனியுங்கள்.

முதல் ஆறும் ஒரே மூச்சில் வந்து, பின் ஆறில் தடுக்கினால், எழுத்து தெரியும் என்று நீங்கள் நம்புவது முழுக்கச் சரியில்லை என்று அர்த்தம். "கொ" என்பதில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, பிறகுதான் "க", கடைசியில் கால். வாய்க்கு வர வேண்டிய ஒலியோ "க"வில் தொடங்குகிறது. கண் ஒரு வரிசையில் போகிறது, வாய் வேறு வரிசையில் போக வேண்டியிருக்கிறது. ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்பதில் வேறு "கொடி" "கோடி" ஆகிவிடும். இந்த நிலையில் இருக்கும் பிள்ளைக்கு ஒ, ஓ, ஔ வரிசைச் சொற்கள் பக்கத்துக்கு ஒன்றிரண்டுக்கு மேல் இல்லாத புத்தகமே ஆகும். கூடவே அந்தக் குறிகளை மட்டும் இரண்டு வாரம் தனியாகப் பழக்க வேண்டும்.

இரண்டு கூட்டத்தையும் ஒன்றுபோல "ப… ட… ம்" என்று பிரித்துப் படித்தால், எழுத்து தெரிகிறது, சொல்லாகச் சேர்ப்பதுதான் இன்னும் கைகூடவில்லை. உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் அவன் இந்த வகையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இவனுக்கு வேண்டியது ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும் புத்தகம். சேர்க்கும் பழக்கம் சொல்லை மறுபடி மறுபடி பார்ப்பதால்தான் வரும், புதுப்புதுச் சொல்லாகக் கொட்டினால் வராது.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. தடுக்காமல் படித்துவிடுவான், ஆனால் என்ன நடந்தது என்று கேட்டால் முழிப்பான். இதைத் தெலுங்கிலேயே கேளுங்கள், தெலுங்கிலேயே பதில் சொல்லட்டும். அப்போதும் தெரியவில்லை என்றால் பரண், அலகு, கதிர் மாதிரியான சொற்கள் அவனுக்குப் பழக்கமில்லை என்று பொருள். அங்கே படம்தான் அகராதி. சொல் எதைக் குறிக்கிறதோ அது அதே பக்கத்துப் படத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இனிக் கடைக்குப் போகலாம். புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதல் பக்கம் பெரும்பாலும் எளிமையாகத்தான் இருக்கும், "ஒரு ஊரில் ஒரு யானை" என்று. நடுப்பக்கத்தைத் திறங்கள். அங்கே இரண்டு மூன்று வாக்கியங்கள், மொத்தம் இருபது சொற்களுக்குள் இருந்தால் மேலே பாருங்கள். ஏழு எழுத்தும் அதற்கு மேலும் உள்ள சொற்களை விரல்விட்டு எண்ணுங்கள். பக்கத்துக்கு இரண்டைத் தாண்டினால் இப்போதைக்கு வேண்டாம். அடுத்த பக்கத்தைத் திருப்பி, முன்பக்கத்தில் வந்த வாக்கியமோ சொல்லோ மறுபடி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கையில் எடுங்கள்.

அச்சையும் கவனியுங்கள், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். "க" எழுத்து ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் உயரமாவது இருக்கட்டும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே வெள்ளை இடைவெளி பளிச்சென்று தெரிய வேண்டும். வரியின் ஓரத்தில் இடம் போதாமல் சொல்லை உடைத்து, "ஓடிக்கொண்டி" ஒரு வரியிலும் "ருந்தது" அடுத்த வரியிலுமாக அச்சிடுவது தமிழ்ப் புத்தகங்களில் சகஜம். பெரியவர்களுக்கு அது தெரியவே தெரியாது, இந்தப் பிள்ளைக்கு அது இரண்டு புரியாத சொற்கள். கறுப்புப் படத்தின் மேல் சிவப்பு எழுத்து, வளைந்து நெளியும் அலங்கார எழுத்து, இவையும் வேண்டாம். நூலகத்திலோ தாத்தா அலமாரியிலோ பழைய புத்தகம் கிடைத்தால் ஒருமுறை புரட்டிவிட்டுக் கொடுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சானவற்றில் "ணா", "றா", "லை", "னை" எல்லாம் வேறு வடிவத்தில் இருக்கும். எழுத்து தெரிந்த பிள்ளையும் அதைப் பார்த்து, தனக்கு எழுத்தே தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வான்.

பணம் செலவழிக்கும் முன் இலவசமாகக் கிடைப்பவற்றைப் பார்த்துவிடுங்கள். வகுப்பாசிரியரிடம் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் பள்ளியில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலையாகப் பிரித்திருப்பார்கள், உங்கள் மகனுக்கு "நுழை". மாவட்ட மைய நூலகத்தில் குழந்தைகள் பகுதியைப் பார்க்கலாம். இணையத்தில் பிரதம் புக்ஸ் நடத்தும் storyweaver.org.in தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய உண்டு, இலவசமாகத் தரவிறக்கி அச்சடித்துக்கொள்ள அனுமதியும் உண்டு. அங்கும் 1 முதல் 4 வரை நிலைகள். அதில் ஒரு விஷயம் மட்டும் எச்சரிக்கை. கதைகளில் பல வேறு மொழியிலிருந்து தமிழுக்கு வந்தவை. ஆங்கிலத்தில் நாலைந்து சின்னச் சொல்லாக இருந்தது தமிழில் பன்னிரண்டு எழுத்துள்ள ஒரே சொல்லாகச் சேர்ந்திருக்கும். நிலை 1 என்று போட்டிருப்பதை அப்படியே நம்பாமல் அதே நடுப்பக்கச் சோதனையைச் செய்யுங்கள். போனில் படிக்க விடாமல் அச்சடித்துக் கொடுப்பது நல்லது. சின்னத் திரையில் எழுத்து சிறுத்துவிடும், விரல் வைத்துப் படிக்கப் போனால் பக்கம் நகர்ந்துவிடும்.

தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கும் இருமொழிப் புத்தகம் படமும் கதையும் நன்றாக இருந்தால் வாங்கலாம். ஆனால் பக்கத்தில் எழுத்து இரட்டிப்பாகத் தெரிவதால் அவன் திறந்ததும் மூடிவிடக்கூடும். ஆங்கிலப் பகுதியை ஒரு தாள் துண்டால் மறைத்து ஒட்டிவிடுங்கள், பிறகு உரித்துக்கொள்ளலாம். சித்திரக்கதைப் புத்தகம் பற்றிப் பலர் கேட்பார்கள். எழுத்து குறைவுதான், ஆனால் வசனக் கூட்டுக்குள் பொடி எழுத்தாக இருக்கும். இந்த நிலைக்கு அது ஆகாது. விடுகதைப் புத்தகம் நல்ல தேர்வு. இரண்டே வரி, விடை தெரிந்துகொள்ளும் ஆசையில் முழுக்கப் படித்துவிடுவான்.

லாரி என்றால் உயிர் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை வீணாக்காதீர்கள். அவனுக்கு ஏற்ற லாரிப் புத்தகம் தமிழில் தேடிக் கிடைக்காவிட்டால் நீங்களே செய்யலாம். இரண்டு ஏ4 தாளைச் சேர்த்து நடுவில் மடித்துத் தைத்தால் எட்டுப் பக்கம். நெடுஞ்சாலையில் போகும் லாரிகளைப் போனில் படமெடுத்து அச்சடித்து ஒட்டுங்கள், அல்லது அவனே வரையட்டும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே இரண்டே வாக்கியம், ஒரே அமைப்பில்:

"இது மணல் லாரி. இதில் மணல் வரும்."
"இது தண்ணீர் லாரி. இதில் தண்ணீர் வரும்."
"இது மாங்காய் லாரி. இதில் மாங்காய் வரும்."
"இது கல் லாரி. இதில் கல் வரும்."

கடைசிப் பக்கம்: "இது என் லாரி. இதில் நான் வருவேன்." நான்காம் பக்கம் வரும்போது "இது", "லாரி", "இதில்", "வரும்" நான்கையும் அவன் கூட்ட மாட்டான், பார்த்ததும் சொல்வான். புதிதாகக் கூட்ட வேண்டியது பக்கத்துக்கு ஒரே சொல். அந்தச் சொல்லும் படத்தில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் அந்த அமைப்பு மாறுவதால் படத்தைப் பார்த்து ஊகிக்க முடியாது, எழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும். அங்கே சரியாகப் படித்தால் மனப்பாடம் இல்லை, உண்மையிலேயே படிக்கிறான் என்று நீங்களும் தெரிந்துகொள்ளலாம். கடையில் வாங்கும் புத்தகத்திலும் தேட வேண்டியது இந்த அமைப்பைத்தான்.

புத்தகம் கையில் வந்த பிறகு ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். ஒரு புத்தகத்தை ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் கதையை நீங்கள் தெலுங்கில் சொல்லிவிட்டு, படத்தைக் காட்டித் தமிழில் படித்துக் காட்டுங்கள், சொல்லுக்குக் கீழே விரல் நகரட்டும். கதை முன்பே தெரிந்துவிட்டால் படிக்கும்போது பாதிச் சுமை குறைந்துவிடும். மறுநாள் இருவரும் சேர்ந்து படியுங்கள். மூன்றாம் நாள் திரும்பத் திரும்ப வரும் வரியை அவன் படிக்கட்டும், மற்றதை நீங்கள். அதன்பின் அவன் தனியாக. பத்து நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள், அவன் இன்னும் வேண்டும் என்று கேட்டாலும் ஒரு பக்கம்தான் கூடுதல்.

தடுக்கி நிற்கும்போது உடனே சொல்லிக்கொடுக்காமல் நாலைந்து நொடி பொறுங்கள். வரவில்லை என்றால் சொல்லின் பின்பாதியைக் கட்டைவிரலால் மறையுங்கள். "ஓடிக்கொண்டிருந்தது" என்றால் முதலில் "ஓடி" மட்டும் தெரியட்டும், அடுத்து "கொண்டு", அடுத்து "இருந்தது" என்று பிரித்துச் சொல்லிவிட்டு, ஒன்றாகச் சேர்த்து நீங்களே ஒருமுறை சொல்லுங்கள். "க-வுக்குக் கொம்பு போட்டுக் கால் போட்டா என்ன?" என்று கதைக்கு நடுவே கேட்காதீர்கள். அது எழுத்துப் பாடம், அதற்குத் தனி நேரம் வையுங்கள். கதைக்கு நடுவே கேட்டால் கதையும் போகும், எழுத்தும் நிற்காது.

அடுத்த நிலைக்கு எப்போது மாற்றுவது என்பதற்கு ஓர் எளிய அளவு. புதிய புத்தகத்தில் இருபது சொல்லைப் படிக்கச் சொல்லி, தவறுகளை விரலில் எண்ணுங்கள். ஒன்றுக்குள் இருந்தால் அது அவன் தனியாகப் படிக்கும் புத்தகம். இரண்டு என்றால் நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டிய புத்தகம். மூன்றும் அதற்கு மேலும் என்றால் நீங்கள் படித்துக் காட்ட, அவன் கேட்கும் புத்தகம். அடுத்தடுத்து இரண்டு புத்தகத்தில் ஒரு தவறுக்குள் படித்து, கதையையும் திருப்பிச் சொல்லிவிட்டால் ஒரு படி ஏற்றலாம். ஏற்றும்போது ஒன்றை மட்டும் கூட்டுங்கள். வாக்கியம் நீண்டால் சொற்கள் பழையவையாக இருக்கட்டும், சொற்கள் புதிதானால் வாக்கியம் குட்டையாகவே இருக்கட்டும். இரண்டையும் ஒரே புத்தகத்தில் கூட்டினால் மறுபடி மூடி வைத்துவிடுவான்.

அந்த ஐந்து பெரிய புத்தகங்களும் வீண் இல்லை. ஏழு வயதுப் பிள்ளைக்குக் காதால் புரிகிற கதை, கண்ணால் படிக்க முடிகிற கதையைவிட மிக நீளமானது. அவற்றை இரவில் நீங்களோ மாமனாரோ படித்துக் காட்டுங்கள், நடுநடுவே தெலுங்கில் விளக்கினாலும் சரி. "சென்றுகொண்டிருந்தான்" போன்ற எழுத்துத் தமிழ் காதில் பலமுறை விழுந்திருந்தால்தான் பிறகு கண்ணில் படும்போது அடையாளம் தெரியும். மாமனாருக்கும் பெரிய புத்தகம் படிக்க வைத்த திருப்தி கிடைக்கும்.

இதையெல்லாம் தொடங்கும் முன் ஒரே ஒருமுறை கண்ணைக் காட்டிவிடுங்கள். புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவது, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பது, வரி தாண்டிப் போவது, படித்தபின் தலைவலி என்பது, இவற்றில் எது இருந்தாலும் புத்தகத்தை மாற்றிப் பயனில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவில் பார்க்கலாம். கண்ணும் காதும் சரியாக இருந்து, அவன் நிலைக்கு ஏற்ற புத்தகத்தோடு தினமும் பத்து நிமிடம் உட்கார்ந்தும் மூன்று மாதத்தில் அசைவே இல்லை என்றால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். பர்கூர் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் அனுப்பிப் பார்க்கச் சொல்வார். போகும்போது அந்தப் பன்னிரண்டு சொல் தாளையும், எந்தச் சொல்லில் தடுக்கினான் என்று நீங்கள் தேதி போட்டுக் குறித்ததையும் கையோடு கொண்டுபோங்கள்.